36 தவணைக் கடனில் 14 தவணை கட்டியபின் மீதமுள்ள முதல் எவ்வளவு?

வட்டக்கச்சியான்

அனைவருக்கும் வணக்கம். லேண்ட்மாஸ்டர் ஒன்றும் அதற்குரிய பெட்டியும் வாங்குவதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் 500,000 ரூபாய் கடன் எடுத்திருந்தேன். ஆண்டு வட்டி 18 சதவீதம், மாதத் தவணை 18,076.20 ரூபாய், மொத்தம் 36 தவணைகள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி கட்ட வேண்டும். இதுவரை 14 தவணைகள் கட்டி முடித்திருக்கிறேன், பற்றுச்சீட்டுகள் அனைத்தும் கையில் உள்ளன.

காலபோக நெல் விற்ற பணத்தில் கடனை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று எண்ணிக் கிளைக்குச் சென்று கேட்டபோது, 17ஆம் திகதியிட்ட கடிதம் ஒன்றைத் தந்தார்கள். அதில் கடனை முடிப்பதற்கான தொகை 351,208.00 ரூபாய் என்று ஒற்றை வரியில் எழுதப்பட்டுள்ளது. நான் இரண்டரை இலட்சத்துக்கு மேல் கட்டியிருக்கையில் ஒன்றரை இலட்சம் மட்டுமே கழிந்திருப்பது எவ்வாறு என்று எனக்கு விளங்கவில்லை. 14 தவணைகளுக்குப் பின்னர் முதலில் மீதி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நானே கணக்கிட்டுப் பார்க்க விரும்புகிறேன். வழி தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

செட்டிகுளம் ரவி

இது நேரான கணக்குத்தானே, அண்ணா. 500,000 ரூபாயை 36 ஆல் வகுத்தால் ஒரு தவணைக்கு 13,888.89 ரூபாய் முதல் கழிகிறது. 22 தவணைகள் மீதம் உள்ளன. ஆகவே 305,555.56 ரூபாய்தான் நீங்கள் தர வேண்டிய முதல். நிறுவனம் ஏறத்தாழ 45,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. கிளை முகாமையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மாங்குளம் கடை

ரவி தம்பியின் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. 22 தவணைகள் மீதம் இருந்தால் 18,076.20 ரூபாயை 22 ஆல் பெருக்க வேண்டும். 397,676.40 ரூபாய் வருகிறது. நிறுவனம் 351,208 ரூபாய்தான் கேட்கிறது என்றால் உங்களுக்கு 46,000 ரூபாய்க்கு மேல் தள்ளுபடி தந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். நன்றி சொல்லிவிட்டுக் கட்டிவிடுங்கள்.

வட்டக்கச்சியான்

மாங்குளம் அண்ணா, நான் கேட்பது அதுவன்று. மீதமுள்ள 22 தவணைகளிலும் இனி வரப்போகும் மாதங்களின் வட்டி அடங்கியிருக்கிறது. இன்றே முடித்தால் அந்த மாதங்களுக்கான வட்டியை நான் தர வேண்டியதில்லை அல்லவா? முதல் மட்டும் எவ்வளவு என்பதே என் கேள்வி.

என் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டேன். 500,000 ரூபாயிலிருந்து நான் கட்டிய 253,066.80 ரூபாயைக் கழித்தால் 246,933.20 ரூபாய். இதில் வட்டியே இல்லை என்பதால் இது பிழை என்று எனக்கே தெரிகிறது. இப்போது ஒரே கடனுக்கு நான்கு வெவ்வேறு தொகைகள் நம் முன் இருக்கின்றன.

பேரேடு

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் நெடுங்காலம் கடன் பேரேடு எழுதியவள் என்ற வகையில் சொல்கிறேன். நான்கில் எதுவும் முதல் மீதி அன்று. நிறுவனம் தந்த தொகையும் முதல் மீதி மட்டும் அன்று. ஆனால் அதற்குப் பின்னர் வருகிறேன், முதலில் முதலைப் பார்ப்போம்.

தம்பி, உங்கள் தவணை ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையாக இருக்கிறது, ஆனால் அதன் உள்ளே இருக்கும் பங்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1.5 சதவீதம். முதல் மாத முடிவில் 500,000 ரூபாய்க்கு வட்டி 7,500 ரூபாய். நீங்கள் கட்டிய 18,076.20 ரூபாயில் இந்த 7,500 ரூபாயை எடுத்த பின்னர் மிஞ்சும் 10,576.20 ரூபாய்தான் முதலுக்குப் போகிறது. மீதி 489,423.80 ரூபாய். இரண்டாம் மாத வட்டி இந்த மீதியின்மேல் மட்டும் கணிக்கப்படுவதால் 7,341.36 ரூபாயாகக் குறைகிறது, முதலுக்கு 10,734.84 ரூபாய் போகிறது, மீதி 478,688.96 ரூபாய் ஆகிறது. இப்படியே 14 வரிகள் எழுதினால் விடை வந்துவிடும். கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதுங்கள், ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

வரிவரியாக எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நாங்கள் சங்கத்தில் மாதாந்தக் கணக்கைச் சரிபார்க்கப் பயன்படுத்தியது அதுதான். முதலுக்குப் போன தொகைகளை மட்டும் பாருங்கள்: 10,576.20, பின்னர் 10,734.84. இரண்டாவது தொகை முதலாவதைவிடச் சரியாக 1.5 சதவீதம் கூடியது. மூன்றாவது இரண்டாவதைவிட அதே விகிதத்தில் கூடும், நான்காவதும் அவ்வாறே. காரணம் எளிது. இந்த மாதம் முதலில் எவ்வளவு குறைந்ததோ அதற்குரிய 1.5 சதவீத வட்டி அடுத்த மாதத்தில் இல்லாமற் போகிறது, தவணை மாறாததால் அந்த மிச்சம் முழுவதும் முதலின் பக்கம் சேர்கிறது.

ஆகவே 14 தவணைகளிலும் முதலுக்குப் போன மொத்தம் என்பது 10,576.20 ரூபாயில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் 1.015 ஆல் பெருகும் 14 தொகைகளின் கூட்டு. கணிப்பானில் 1.015 ஐ 14 தடவை பெருக்கினால் 1.231756 வரும். அதிலிருந்து 1 ஐக் கழித்து 0.015 ஆல் வகுத்தால் 15.4504. இதை 10,576.20 ஆல் பெருக்கினால் 163,406 ரூபாய் வரும். தசமத்தைச் சுருக்காமல் போட்டால் 163,406.33. நீங்கள் இதுவரை அடைத்த முதல் இதுதான். கட்டிய 253,066.80 ரூபாயில் எஞ்சிய 89,660.47 ரூபாய் வட்டிக்குப் போய்விட்டது.

500,000 ரூபாயிலிருந்து 163,406.33 ரூபாயைக் கழித்தால் 336,593.67 ரூபாய். 14ஆம் தவணை கட்டிய அன்று உங்கள் முதல் மீதி இது.

ரவி தம்பியின் 305,555 ரூபாய் ஏன் பொருந்தவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. முதல் சமமாகக் கழிவதாக அவர் கொண்டார், ஆனால் தவணை சமமாக இருக்கும் கடனில் முதல் தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் விரைவாகவும் கழியும். உங்கள் கடனில் 18ஆம் தவணை கட்டும்போது பாதிக் காலம் முடிந்திருக்கும், ஆனால் பாதி முதல் முடிந்திராது. 20ஆம் தவணைக்குப் பின்னரும் இரண்டரை இலட்சத்துக்கு மேல் நிற்கும், 21ஆம் தவணையில்தான் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்கள்.

செட்டிகுளம் ரவி

அக்காவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் ஓர் ஐயம். நம் பகுதியில் பல நிறுவனங்கள் பிளாட் வட்டியில்தான் கடன் தருகின்றன. என் மோட்டார் சைக்கிளுக்கு நான் எடுத்த கடனும் அப்படித்தான். பிளாட் என்றால் வட்டி தொடக்கத்திலேயே முழுத் தொகைக்கும் போடப்பட்டு ஒவ்வொரு மாதமும் சமமாக வருகிறது. வட்டி சமம் என்றால் முதலும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் என் 305,555 ரூபாய் சரி.

முல்லியவளை வயல்

என் கணக்கையும் இங்கே சொல்கிறேன், ரவி சொல்வது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. வங்கியொன்றில் 240,000 ரூபாய் எடுத்தேன், ஆண்டுக்கு 16 சதவீதம். நெல் வெட்டி விற்ற பின்னர் கட்டும்படி அரையாண்டுக்கு ஒரு தவணை வைத்து ஆறு தவணைகள். இரண்டு தவணைகள் கட்டிய பின்னர் வங்கி எனக்குத் தந்த தாளில் முதல் மீதி 160,000 ரூபாய் என்று இருக்கிறது. ஆறில் இரண்டு போனால் நான்கு, ஆறில் நான்கு பங்கு 160,000. எந்தச் சிக்கலும் இல்லை. ஏன் வட்டக்கச்சித் தம்பிக்கு மட்டும் இவ்வளவு கணக்கு?

பேரேடு

வயல் அண்ணா, நீங்கள் கட்டிய இரண்டு தவணைகளும் ஒரே தொகையா என்று பற்றுச்சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முல்லியவளை வயல்

இல்லை. முதலாவது 59,200 ரூபாய். இரண்டாவது 56,000 ரூபாய். அடுத்தது இன்னும் குறையும் என்று வங்கியில் சொன்னார்கள்.

பேரேடு

நான் எதிர்பார்த்ததும் அதுவே. உங்கள் கடன் வேறு வகை. ஒவ்வொரு தவணையிலும் முதல் 40,000 ரூபாய் என்று நிலையாக வைத்து, அந்த நேரத்தில் நிற்கும் மீதிக்கு அரையாண்டு வட்டி 8 சதவீதத்தைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் தடவை 240,000 ரூபாய்க்கு 19,200 ரூபாய் வட்டி, அதனால் 59,200. இரண்டாம் தடவை 200,000 ரூபாய்க்கு 16,000 ரூபாய், அதனால் 56,000. மூன்றாவது தவணை 52,800 ரூபாயாக வரும். இவ்வகைக் கடனில் கட்டிய தவணைகளை எண்ணி நிலையான முதலால் பெருக்கிக் கழித்தாலே போதும், வேறு எதுவும் தேவையில்லை.

இரண்டையும் பிரித்தறிய ஒப்பந்தத்தைக்கூடப் பிரிக்க வேண்டியதில்லை. தவணைத் தொகை குறைந்துகொண்டே வந்தால் முதல் சமமாகக் கழிகிறது. தவணைத் தொகை மாறாமல் இருந்து, வட்டி மீதியின்மேல் கணிக்கப்பட்டால் முதல் சமமாகக் கழிய வழியே இல்லை. வட்டக்கச்சித் தம்பியின் 14 பற்றுச்சீட்டுகளிலும் ஒரே தொகை என்பதால் அவருடையது இரண்டாவது வகை.

இனி ரவி தம்பியின் பிளாட் வட்டி. நீங்கள் சொல்வதில் பாதி சரி. பிளாட் வட்டியில் தவணையைக் கணிக்கும் விதம் நீங்கள் சொன்னதுதான். ஆனால் தவணையைக் கணிப்பது ஒன்று, கட்டிய தவணையை முதலாகவும் வட்டியாகவும் பேரேட்டில் பிரிப்பது வேறொன்று. 500,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதம் பிளாட் என்று ஒருவர் சொன்னால், மூன்று ஆண்டுகளுக்கு 150,000 ரூபாய் வட்டி, மொத்தம் 650,000 ரூபாய், 36 ஆல் வகுத்தால் தவணை 18,055.56 ரூபாய். வட்டக்கச்சித் தம்பியின் தவணையுடன் ஒப்பிடுங்கள், 21 ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. 10 என்று காதுக்கு இனிமையாகச் சொல்லப்படும் அந்தப் பிளாட் வட்டி, மீதியின்மேல் கணித்தால் 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானது மட்டுமே.

நிறுவனம் தன் பேரேட்டில் இந்த உண்மை விகிதத்தைக் கொண்டு பிரித்தால், பிளாட் என்று சொல்லி எடுத்த கடனிலும் 14 தவணைகளுக்குப் பின்னர் 336,000 ரூபாய் அளவில்தான் மீதி நிற்கும். ஒப்பந்தத்துடன் இணைத்த தவணை அட்டவணையில் முதல் 13,888.89 என்று எல்லா வரிகளிலும் ஒரே தொகையாக அச்சிட்டிருந்தால் மட்டும் 305,555 ரூபாய் என்று வாதாட உங்களுக்கு ஆதாரம் இருக்கும். அதனால் உங்கள் மோட்டார் சைக்கிள் கடனைப் பற்றி நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அட்டவணையின் இரண்டாவது, மூன்றாவது வரிகளைப் பாருங்கள். முதல் என்ற நிரலில் தொகை கூடிக்கொண்டு போகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதே விடை.

செட்டிகுளம் ரவி

எனக்கு அப்படியோர் அட்டவணையே தரப்படவில்லை, தவணை அட்டை மட்டும்தான் இருக்கிறது. கேட்டு வாங்குகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 10 என்று சொல்லிக் கடன் தந்துவிட்டு, முடிக்கப் போகும்போது 18 ஆல் பிரிப்பது நியாயமா என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஒட்டுசுட்டான் மாணவன்

வணக்கம். நான் வணிகப் பிரிவில் படிக்கிறேன். அக்கா சொன்ன விடையை எக்செலில் போட்டுப் பார்த்தேன், ஒரே வரியில் வருகிறது. தொலைபேசியில் உள்ள விரிதாள் செயலியிலும் இது வேலை செய்யும்.

```
=FV(1.5%,14,18076.20,-500000)
```

336,593.67 வந்தது. பின்னர் பாடப் புத்தகத்தில் உள்ள மற்ற வழியையும் முயன்றேன். மீதமுள்ள 22 தவணைகளின் இன்றைய பெறுமதி எவ்வளவோ அதுவே முதல் மீதி என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

```
=PV(1.5%,22,-18076.20)
```

இதில் 336,593.75 வருகிறது. இரண்டு வழியும் ஒரே விடை தர வேண்டும் அல்லவா? 8 சதம் எங்கிருந்து வந்தது, அக்கா?

பேரேடு

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள், தம்பி. உண்மையான தவணை 18,076.198 ரூபாய் என்று தசமத்தில் நீள்கிறது, நிறுவனம் அதை 18,076.20 என்று முழுமையாக்கியிருக்கிறது. முதலாவது வழி, ஏற்கெனவே கட்டிய 14 தவணைகளை முன்னோக்கிக் கணிக்கிறது. இரண்டாவது வழி, இனிக் கட்டவிருக்கும் 22 தவணைகளும் சரியாக அதே தொகையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பின்னோக்கி வருகிறது. முழுமையாக்கிய மிச்சத்தைச் சரிக்கட்ட 36ஆம் தவணை சில சதங்கள் குறைவாக இருக்கும் என்பது இரண்டாவது வழிக்குத் தெரியாது. கடனாளியின் கணக்குக்கு முன்னோக்கிய வழியே பொருத்தம், ஏனென்றால் கட்டியது என்னவோ அதைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. தவணையை 18,077 ரூபாய் என்று முழு ரூபாயாக்கும் நிறுவனங்களில்கூட 14 தவணைகளுக்குள் வித்தியாசம் 12 ரூபாயை அண்மித்துத்தான் வரும். ஆகவே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் தெரிந்தால் முழுமையாக்கியதால் வந்தது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சூத்திரம் கடன் கிடைத்து ஒரு மாதம் கழித்து முதல் தவணை கட்டப்பட்டதாகக் கொள்கிறது. சில லீசிங் ஒப்பந்தங்களில் முதல் தவணையைக் கடன் தரும் அன்றே பிடித்துக்கொள்வார்கள். அத்தவணையில் வட்டியே இராது, முழுவதும் முதலுக்குப் போகும், கணக்கும் மாறும். அட்டவணையின் முதல் வரியில் வட்டி பூச்சியம் என்று இருந்தால் அவ்வகை என்று அறிந்துகொள்ளலாம்.

வட்டக்கச்சியான்

என் கடனில் முதல் தவணை ஒரு மாதம் கழித்துத்தான், அட்டவணையின் முதல் வரியில் வட்டி 7,500.00 என்றே இருக்கிறது. அதே அட்டவணையில் 14ஆம் வரியின் மீதி 336,593.67 என்று அச்சிடப்பட்டிருப்பதை அக்கா சொன்ன பின்னர்தான் தேடிக் கண்டேன். சதம் வரை பொருந்துகிறது.

அப்படியானால் கடிதத்திலுள்ள 351,208.00 ரூபாய்க்கும் இதற்கும் இடையே 14,614.33 ரூபாய் வித்தியாசம். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். காலத்துக்கு முன்னர் முடித்தால் எஞ்சிய தொகையில் 3 சதவீதம் கட்டணம் என்று ஒரு வாசகம் உள்ளது. அத்துடன் 6ஆம், 7ஆம் தவணைகளை நான் பிந்திக் கட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பற்றுச்சீட்டுகளிலும் கட்டிய தொகை 18,076.20 என்றுதான் இருக்கிறது, தாமதக் கட்டணம் எதுவும் அறவிடப்படவில்லை.

பேரேடு

இப்போது கடிதத்தைப் பிரித்துவிடலாம்.

நீங்கள் கடைசியாகக் கட்டியது 5ஆம் திகதி, கடிதம் 17ஆம் திகதி. இடையே 12 நாட்கள். அந்த நாட்களுக்கு 336,593.67 ரூபாயின்மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 60,586.86 ரூபாய், 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 166 ரூபாய் அளவில். 12 நாட்களுக்கு 1,991.90 ரூபாய். இதைக் கேட்பதில் பிழையில்லை, பணம் அந்த நாட்களில் உங்களிடம்தான் இருந்தது.

14,614.33 ரூபாயில் இதைக் கழித்தால் 12,622.43 ரூபாய் நிற்கும். இனி அந்த 3 சதவீதம். முதல் மீதியின் 3 சதவீதம் என்றால் 10,097.81 ரூபாய், அப்போது 2,524.62 ரூபாய்க்குக் காரணம் தெரியாமல் இருக்கும். மீதமுள்ள 22 தவணைகளின் கூட்டுத்தொகையான 397,676.40 ரூபாயின் 3 சதவீதம் என்றால் 11,930.29 ரூபாய், அப்போது எஞ்சுவது 692.14 ரூபாய் மட்டுமே. பிந்திக் கட்டிய இரண்டு தவணைகளின் தாமதக் கட்டணமாக 692 ரூபாய் இருக்கலாம் என்பது என் ஊகம். 2,524 ரூபாய் என்றால் அதற்குக் கொஞ்சம் கூடுதல். ஆகவே அவர்கள் 3 சதவீதத்தை முழுத் தவணைத் தொகையின்மேல் போட்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அது கேட்கப்பட வேண்டிய விடயம். இனி வராத மாதங்களின் வட்டிக்கும் சேர்த்து நீங்கள் கட்டணம் தருகிறீர்கள். இரண்டு கணிப்புக்கும் இடையே 1,832.48 ரூபாய். கிளையில் வாய்மொழியாகக் கேட்காமல், முதல் மீதி, நாள் வட்டி, முன்முடிவுக் கட்டணம், தாமதக் கட்டணம் என்ற நான்கையும் தனித்தனி வரிகளில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஒற்றை வரியில் ஒரு தொகையைத் தந்தால் எவராலும் சரிபார்க்க முடியாது.

மாங்குளம் கடை

எல்லாம் சரி, ஆனால் என் கேள்வி வேறு. 351,208 ரூபாயையே கட்டினாலும் 397,676 ரூபாயைவிட 46,468 ரூபாய் குறைவு. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்காகக் கடிதம் எழுதிக்கொண்டு இருப்பதைவிடக் கட்டி முடிப்பது நல்லதல்லவா? ஒரு நாளைக்கு 166 ரூபாய் ஓடுகிறது என்று அக்காவே சொல்கிறார். பதினொரு நாட்கள் தாமதித்தால் அந்த மிச்சம் வட்டியில் போய்விடும்.

பேரேடு

அண்ணா, அந்த எண்ணிக்கை சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 46,468 ரூபாய் மிச்சம் என்பதை அப்படியே இலாபமாக எண்ண வேண்டாம். அந்த 351,208 ரூபாய் அவர் கையில் 22 மாதங்கள் இருந்தால் அதற்கும் ஒரு வருமானம் உண்டு, அல்லது அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் வாங்க மீண்டும் கடன் எடுக்க நேர்ந்தால் அதற்கும் ஒரு வட்டி உண்டு. கையில் இருப்பதை எல்லாம் கொண்டு 18 சதவீதக் கடனை முடித்துவிட்டு, போகத் தொடக்கத்தில் நகையை அடகு வைத்தவர்களை நான் சங்கத்தில் பார்த்திருக்கிறேன். முடிப்பதா இல்லையா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நான் சொல்வது, முடிப்பதானால் சரியான தொகைக்கு முடிக்க வேண்டும் என்பதே.

செட்டிகுளம் ரவி

எஞ்சிய தொகை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது எஞ்சிய முதல் என்றுதான் பொருள்படும் என்பது என் நிலைப்பாடு. இரண்டு பொருள் வரக்கூடிய வாசகத்தை எழுதியவர் அவர்கள், அதன் பலன் கடனாளிக்குத்தான் சேர வேண்டும்.

முல்லியவளை வயல்

நிறுவனம் அப்படி எடுத்துக்கொள்ளாது, தம்பி. தவணை அட்டையில் எஞ்சிய தொகை என்ற நிரலில் அவர்கள் மீதித் தவணைகளின் கூட்டுத்தொகையைத்தானே அச்சிடுகிறார்கள். என் தம்பியின் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது.

வட்டக்கச்சியான்

இன்று கிளைக்குச் சென்று அக்கா சொன்னவாறு எழுத்தில் கொடுத்தேன். உதவி முகாமையாளர் கணினியைப் பார்த்து இரண்டை மட்டும் அங்கேயே உறுதிப்படுத்தினார். முதல் மீதி 336,593.67 ரூபாய். 6ஆம், 7ஆம் தவணைகளின் தாமதக் கட்டணம் 692.14 ரூபாய், அது பற்றுச்சீட்டில் காட்டப்படாமல் கணக்கில் பாக்கியாக நின்றிருக்கிறது. 3 சதவீதத்தை எதன்மேல் கணித்தார்கள் என்று கேட்டதற்குத் தலைமை அலுவலகத்திடம் கேட்டு எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார். தாமதக் கட்டணத்தை இன்றே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டேன்.

இன்னொரு கேள்வி. பதில் வர அடுத்த மாதம் 5ஆம் திகதி தாண்டிவிட்டால் என்ன செய்வது?

பேரேடு

692.14 ரூபாய் என்று அவர்கள் உறுதிப்படுத்தியதால் முன்முடிவுக் கட்டணம் 11,930.29 ரூபாய் என்பதும் கணக்கின்படி உறுதியாகிவிட்டது, பதில் என்ன காரணம் சொல்கிறது என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது. அதை நியாயப்படுத்துவார்களா, குறைப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது.

5ஆம் திகதி தாண்டுமானால் 15ஆம் தவணையை வழமைபோல அன்றே கட்டிவிடுங்கள், முடிக்கப்போகிறோம் என்று நிறுத்தி வைக்காதீர்கள். நிறுத்தினால் மீண்டும் தாமதக் கட்டணம் ஏறும். அந்தத் தவணையில் 5,048.91 ரூபாய் வட்டிக்கும் 13,027.29 ரூபாய் முதலுக்கும் போகும், மீதி 323,566.38 ரூபாயாகும். புதிய கடிதம் கேட்கும்போது அதில் முதல் மீதி இந்தத் தொகையாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நாள் வட்டியை 5ஆம் திகதியிலிருந்து எண்ணுங்கள், அந்த மீதிக்கு நாளொன்றுக்கு 160 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். கடிதத்தில் எந்தத் திகதி வரை அத்தொகை செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள்.

ஒட்டுசுட்டான் மாணவன்

அண்ணா, 15க்கு என் சூத்திரத்தில் 14 என்பதை மட்டும் மாற்றினால் போதும். 323,566.37 வருகிறது, இப்போதுதான் பார்த்தேன், அக்காவின் தொகையுடன் உள்ள ஒரு சத வித்தியாசம் முழுமையாக்கியதால் வந்தது.

செட்டிகுளம் ரவி

எனக்கு அட்டவணை கிடைத்துவிட்டது. முதல் என்ற நிரலில் தொகை கூடிக்கொண்டுதான் போகிறது. ஆனால் முதல் வரியில் வட்டி பூச்சியம் என்று இருக்கிறது, எனக்கு முதல் தவணையை அன்றே பிடித்திருக்கிறார்கள் போலும். அக்கா, நேரம் இருக்கும்போது என் கணக்கையும் பார்த்துத் தாருங்கள், தொகைகளைத் தனி இழையில் போடுகிறேன்.